தம்பியின் சிவப்பும் தொலைபேசியின் வடிகட்டியும்

எங்கள் வீடுகளில் இருக்கும் அன்ட்ரொய்ட் கையடக்கத் தொலைபேசிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்குள்ளும் daltonizer என்ற ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. பாவிப்பவரின் கண்ணில் அது படுவதில்லை. திரையின் நிறங்களை மாற்றியமைக்கும் பகுதிக்கு மென்பொருளை எழுதியவர்கள் உள்ளே வைத்த பெயர் அது. வெளியே நமக்குத் தெரிவது Color correction என்ற தலைப்பு மட்டும்தான். அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் இந்தத் தெரிவைத் தேடிப் போனதற்குக் காரணமான என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு இப்போது 13 வயது. சென்ற வருடம் புவியியல் பாடத்துக்காக உம்மாவின் தொலைபேசிக்கு ஒரு பயிற்சித்தாள் வந்தது. மட்டக்களப்பு, இரத்தினபுரி ஆகிய இரண்டு இடங்களின் மாதாந்த மழைவீழ்ச்சியை ஒரே வரைபில் இரண்டு கோடுகளாகப் போட்டிருந்தார்கள். ஒன்று சிவப்பு, மற்றது கடும் பச்சை. இரண்டும் ஒரே தடிப்பு. எது எந்த ஊர் என்பதைச் சொல்லக் கீழே இரண்டு சிறிய நிறக் கட்டங்கள் மட்டும் இருந்தன. மட்டக்களப்பின் கோடு எது என்ற முதற் கேள்விக்குத் தம்பி சரியாக விடை எழுதியிருந்தான். மே மாதத்தில் இரண்டு ஊர்களுக்கும் எவ்வளவு மழை என்ற அடுத்த கேள்விக்கு இரண்டு விடைகளையும் மாற்றி எழுதியிருந்தான். முதலாவதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். “நமக்கு மழை டிசம்பர்லதானே ராத்தா. டிசம்பர்ல மேல போற கோடு நம்மட கோடு” என்றான். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் வரைதான் அந்தக் கெட்டித்தனம் உதவியிருக்கிறது. வெட்டிய பிறகு எது எந்தப் பக்கம் போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய கண்ணுக்கு இரண்டும் ஒரே மண்ணிறக் கோடு.

பிறகு கண் வைத்தியர் புள்ளிகளால் ஆன எண்கள் உள்ள புத்தகத்தை விரித்துக் காட்டி அதை உறுதிப்படுத்தினார். அது இஷிஹாரா தட்டுக்கள் எனப்படும். ஜப்பானியக் கண் வைத்தியர் ஷினொபு இஷிஹாரா 1917இல் வெளியிட்டது. நூறு வருடங்களுக்குப் பிறகும் உலகம் முழுவதும் அதைத்தான் பாவிக்கிறார்கள். அதே படங்களைத் தொலைபேசியில் பார்த்து வீட்டிலேயே சோதிக்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். சந்தேகம் வருவதற்கு அது போதும், முடிவு சொல்வதற்குப் போதாது. திரையின் வெளிச்சம், இரவில் திரையை மஞ்சளாக்கும் தெரிவு எல்லாம் புள்ளிகளின் நிறத்தை மாற்றிவிடும். நான் சொல்லப்போகும் வடிகட்டி இயங்கிக்கொண்டிருந்தால், காணக்கூடாத எண்ணையும் பிள்ளை கண்டுவிடும்.

தம்பிக்கு இது எங்கிருந்து வந்தது என்று உம்மா கேட்டார். விடை மருதமுனையில் இருந்தது. உம்மாவின் வாப்பா அங்கே கைத்தறி நெய்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, 2004 சுனாமியோடு அந்தத் தறி போய்விட்டது. ஆனால் அதைப் பற்றிய கதைகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மூத்தாப்பாவின் முடிச்சுக் கதை. ஊடைக்கான நூலைத் தார் சுற்றிக் கொடுப்பது மூத்தும்மாவின் வேலை. சிவப்பு நூல் தாரின் நுனியில் அவர் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பாராம். பச்சைத் தாரில் முடிச்சு இருக்காது. மூத்தாப்பா விரலால் தடவிப் பார்த்துத்தான் நாடாவுக்குள் தாரை வைப்பார். அதை வீட்டில் எல்லோரும் அவருடைய பழக்கம் என்றே நினைத்திருந்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. கொடியில் ஒரு பூ இல்லாவிட்டால்தான் ஆள் பார்ப்பார்கள். பிசகில்லாமல் சாரன் நெய்து கொடுத்த மனிதருக்குச் சிவப்பு தெரியாது என்று யார் நினைப்பார்கள்?

மகளிர் கல்லூரி இதழில் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நமது விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. அவற்றுள் இரண்டு வகைக்கான பரம்பரையலகுகள், அதாவது சிவப்புப் பக்கத்துக்கும் பச்சைப் பக்கத்துக்கும் உரியவை, X நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆண் பிள்ளைக்கு X ஒன்றுதான். அது உம்மாவிடமிருந்து வருவது. அதில் குறை இருந்தால் ஈடுசெய்ய வேறொன்று இல்லை. பெண் பிள்ளைக்கு X இரண்டு என்பதால் ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இந்த வேறுபாடு, பெண்களில் 200 பேருக்கு ஒருவரிடம்தான் காணப்படுகிறது. ஏனைய இனங்களில் ஆண்களின் விகிதம் இதைவிடக் குறைவு, ஆனாலும் ஆண்கள் அதிகம், பெண்கள் மிகக் குறைவு என்ற அமைப்பு எங்கும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். மூத்தாப்பாவின் ஒரே X உம்மாவுக்கும் உம்மாவின் சகோதரிகளுக்கும் கட்டாயம் போயிருக்கும். ஆகவே அவர்கள் எல்லோரும் காவிகள். மாமாமார் அவரிடமிருந்து Y ஐத்தான் பெற்றார்கள், அதனால் அவர்களிடம் இது இல்லை. உம்மாவின் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் இது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. தம்பிக்கு வந்தது. எனக்கும் அந்த X வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. என் கண்ணில் எதுவும் தெரியாது. இதை வாசிக்கும் தோழிகளில் யாருடைய மூத்தாப்பாவாவது பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் தொட்டுப் பார்த்தே பிரித்தவராக இருந்தால், அந்தத் தகவலை நினைவில் வைத்திருங்கள். இரண்டு தலைமுறை மறைந்து இருந்துவிட்டு உங்கள் மகனிடம் அது வெளிவரலாம்.

இனி அந்தப் பெயருக்குரிய மனிதர். அணுக் கொள்கைக்காக நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஜோன் டால்டன்தான் அவர். 1792இல் ஒரு பூ பகல் வெளிச்சத்தில் வானத்து நீலமாகவும், மெழுகுதிரி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தனக்குத் தெரிவதைக் கவனித்தார். மற்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அவருடைய சகோதரருக்கு மட்டும் அவரைப் போலவே தெரிந்தது. கடிதங்களை ஒட்டும் சிவப்பு அரக்கும் ஒரு மரத்தின் பச்சை இலையும் தனக்கு ஒரே மாதிரி இருப்பதாக எழுதினார். 1794இல் மான்செஸ்டர் நகரத்தின் கழகம் ஒன்றில் இதை உரையாக வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் சிவப்பு உறிஞ்சப்படுகிறது என்பது அவருடைய ஊகம். இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கும்படி சொல்லி வைத்திருந்தார். 1844இல் அவர் இறந்ததும் வைத்தியர் பார்த்தார், திரவம் தெளிவாகவே இருந்தது. ஊகம் பிழை. ஆனால் அந்தக் கண்ணின் பகுதிகளை எறியாமல் வைத்திருந்தார்கள். 150 வருடங்கள் கழித்து, 1995இல், அதிலிருந்து எடுத்த டீஎன்ஏயைப் பரிசோதித்தபோது பச்சைப் பக்கத்துக்குரிய பரம்பரையலகு அவருக்கு இருக்கவில்லை என்று தெரிந்தது. சகோதரர் இருவருக்கும் ஒரே குறை ஏன் என்பதும் விளங்கியது. எங்கள் வீட்டில் மூத்தாப்பாவுக்கும் தம்பிக்கும் போல, அதுவும் தாய்வழி வந்த X தான்.

தொலைபேசியின் வடிகட்டி என்ன செய்கிறது என்பதை இப்போது விளங்கிக்கொள்வது இலகு. அது கண்ணுக்கு இல்லாத கூம்பைக் கொடுப்பதில்லை. இன்ன வகைக் கண்ணுக்கு இந்தப் படத்தில் எந்த வித்தியாசம் தொலைந்துபோகும் என்று முதலில் கணக்கிடுகிறது. பிறகு தொலைந்துபோகும் அந்த வித்தியாசத்தை அந்தக் கண் நன்றாகப் பார்க்கக்கூடிய வேறு பக்கத்துக்கு நகர்த்துகிறது. தம்பியின் நீலக் கூம்பு நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே சிவப்புக்கும் பச்சைக்கும் இடையிலான வித்தியாசம், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலான வித்தியாசமாக, கொஞ்சம் வெளிச்சம் இருட்டு வித்தியாசமாகவும், மாறுகிறது. வடிகட்டியைப் போட்டதும் அந்த மழை வரைபின் ஒரு கோடு எனக்கு ரோசாவும் ஊதாவும் கலந்த மாதிரித் தெரிந்தது. தம்பிக்கு அது என்ன நிறம் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் அறிய முடியாது. “ரெண்டும் வேற வேற” என்று மட்டும் சொன்னான். வரைபை வாசிக்க அவ்வளவுதான் வேண்டும்.

செய்யும் முறை இது. அன்ட்ரொய்டில் Settings திறந்து Accessibility என்பதற்குள் போக வேண்டும். அதற்குப் பிறகு வழி தொலைபேசிக்குத் தொலைபேசி வித்தியாசப்படும், ஆகவே Settings இன் மேலே உள்ள தேடும் பெட்டியில் color correction என்று எழுதித் தேடுவதே சுருக்கம். அங்கே Deuteranomaly, Protanomaly, Tritanomaly என்று மூன்று பெயர்கள் இருக்கும். பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். முதலாவது பச்சைக் கூம்பு பலவீனமானவர்களுக்கு, இரண்டாவது சிவப்புக் கூம்பு பலவீனமானவர்களுக்கு, மூன்றாவது நீலக் கூம்புக்கு. கடைசி வகை மிக அரிது. நான்காவதாகப் பல தொலைபேசிகளில் Grayscale இருக்கும். ஐபோனில் Settings, Accessibility, Display & Text Size, Color Filters என்று போக வேண்டும். அங்கே Red/Green Filter சிவப்புக் கூம்புக்கும் Green/Red Filter பச்சைக் கூம்புக்கும் உரியவை. கீழே Intensity என்ற ஒரு கோடு இருக்கும், அதை இழுத்து வடிகட்டியின் கனத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

பலர் பிழைக்கும் இடம் எது என்றால், சிவப்பு–பச்சைக் குழப்பம் என்று கேள்விப்பட்டதும் முதலில் உள்ள தெரிவைத் தட்டிவிட்டு, உதவவில்லை என்று விட்டுவிடுவது. பச்சைக் கூம்புக் குறைதான் அதிகம் என்பதால் பெரும்பாலானோருக்கு Deuteranomaly பொருந்தும். தம்பிக்குப் பொருந்தவில்லை. கோடுகள் கொஞ்சம் அசைந்தன, பிரியவில்லை. Protanomaly போட்டதும் பிரிந்தன. இரண்டையும் வேறுபடுத்த ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் கடும் சிவப்பு எழுத்தைக் காட்டுங்கள். சிவப்புக் கூம்பு பலவீனமானவருக்குச் சிவப்பின் நிறம் மட்டுமல்ல, வெளிச்சமே குறைந்து தெரியும். எழுத்து கறுப்போடு கறுப்பாக அமிழ்ந்துவிடும். பச்சைக் கூம்பு பலவீனமானவருக்கு அந்த எழுத்து அமிழ்வதில்லை, வாசிக்கலாம். தம்பி அதைப் பார்த்து, “இதுல ஏதாவது எழுதியிருக்கா?” என்று கேட்டான். வீட்டிலே செய்யும் இந்தச் சோதனை வடிகட்டியைத் தெரிவு செய்வதற்கு மட்டும்தான். கண்ணைப் பற்றிய முடிவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கும் வியாபாரம் இது. சிவப்பை நீலத்தின் பக்கம் தள்ளினால், ஏற்கெனவே நீலத்தின் பக்கம் இருந்த நிறங்களோடு அது நெருங்கிவிடும். தம்பி லூடோ விளையாடும்போது சிவப்புக் காய்க்கும் பச்சைக் காய்க்கும் உள்ள குழப்பம் தீர்ந்தது. ஆனால் வேறொரு விளையாட்டில் ஊதாவும் நீலமும் முன்பைவிடக் கிட்ட வந்துவிட்டன. ஆகவே வடிகட்டியை நாள் முழுவதும் போட்டு வைப்பதைவிடத் தேவைப்படும்போது போட்டு, முடிந்ததும் எடுப்பதே அவனுக்கு வசதி. அதற்குக் குறுக்குவழி உண்டு. அன்ட்ரொய்டில் Color correction பக்கத்திலேயே shortcut என்பதை இயக்கினால், திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் வரும், அல்லது ஒலியைக் கூட்டும் குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்துப் பிடித்தால் இயங்கும். ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று தரம் அமர்த்தும்படி செய்யலாம். கிரிக்கெட் பார்க்கும்போது தம்பி வடிகட்டியை எடுத்துவிடுகிறான். வீரர்களின் முகம் நோயாளியின் முகம் போல இருக்கிறதாம்.

வீட்டில் ஒரு தொலைபேசியைப் பலர் பாவிக்கும்போது இன்னொரு சிக்கலும் வரும். பெருநாளைக்குத் துணி பார்க்க உம்மா படங்களைத் திறக்கும் நேரம் தம்பியின் வடிகட்டி எடுபடாமல் இருந்தால், குங்கும நிறத் துணி வேறொரு நிறமாகத் தெரியும். துணியின் நிறத்தைத் தெரிவு செய்யும் முன் வடிகட்டியையும் இரவு மஞ்சள் திரையையும் இரண்டையுமே நிறுத்திப் பார்க்க வேண்டும். அதேபோல, தம்பி தான் காணும் படத்தை ஆசிரியைக்குக் காட்ட ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் பயனில்லை. வடிகட்டி திரைக்குப் போகும் கடைசி வாசலில்தான் நிற்கிறது, படத்தின் உள்ளே நுழைவதில்லை. அனுப்பிய படம் அடுத்தவரின் தொலைபேசியில் பழைய சிவப்போடும் பச்சையோடும்தான் திறக்கும்.

இந்தக் கடைசிச் சங்கதி இன்னொரு இடத்தில் பெரிய உதவி. ‘டிஸ்பிளே போயிட்டுது, எல்லாம் கறுப்பு வெள்ளையாத் தெரியுது’ என்று தொலைபேசியைத் திருத்தக் கொண்டு போகிறவர்கள் உண்டு. அதற்கு முன் ஒரு படம் எடுத்து வேறொருவருக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே நிறத்தோடு போய்ச் சேர்ந்தால், தொலைபேசியின் கமெராவிலும் படத்திலும் பழுதில்லை. பெரும்பாலும் யாரோ Grayscale ஐத் தட்டியிருப்பார்கள். இரவில் குறித்த நேரத்துக்கு மட்டும் சாம்பலாகி, காலையில் நிறம் திரும்பினால், அது Bedtime mode இன் வேலை. தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று சொல்ல அது திரையைச் சாம்பலாக்குகிறது.

சாம்பல் திரையைப் பற்றி நம் தோழிகளிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. கண்ணுக்கு வெளிச்சம் குறையும் என்பது ஒன்று. குறையாது. வெள்ளைப் பக்கம் சாம்பல் திரையிலும் அதே வெள்ளைதான், அதே அளவு வெளிச்சம்தான். கண் கூசினால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். புதிய அன்ட்ரொய்டில் Extra dim, ஐபோனில் Reduce White Point என்பவை அதற்கானவை. தொலைபேசியோடு இருக்கும் நேரம் குறையும் என்பது மற்றது. இதில் உண்மை இருக்கிறது. சிவப்பு வட்டமும் மினுங்கும் படமும் இழுக்கும் இழுப்பு தளர்ந்துவிடுகிறது. பரீட்சைக் காலத்தில் நான் போட்டு வைத்தேன், பலன் இருந்தது. ஒரேயொரு சங்கடம், வாட்ஸ்அப்பில் நீலச் சரிக்கும் சாம்பல் சரிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும், செய்தியைப் பார்த்தார்களா இல்லையா என்று தெரியாது. ஒருவகையில் அதுவும் நிம்மதிதான்.

ஆனால் சாம்பல் திரையின் நல்ல உபயோகம் வேறு. நாம் சுவர்ச் சஞ்சிகைக்கும் தமிழ்த் தினத்துக்கும் வரையும் அட்டைகளைத் தம்பியைப் போன்ற ஒரு பிள்ளையால் வாசிக்க முடியுமா என்று அதைக் கொண்டு பார்க்கலாம். Grayscale ஐ இயக்கிவிட்டுக் கமெராவை அட்டையின் பக்கம் திருப்புங்கள். நிறம் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். நம் கண் உணரும் வெளிச்சத்தை 100 பங்காக எடுத்தால், திரையின் பச்சைக்கு ஏறத்தாழ 72 பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. மஞ்சள் என்பது பச்சையும் சிவப்பும் சேர்ந்தது, ஆகவே 93. வெள்ளைத் தாளில் எழுதிய மஞ்சள் எழுத்து ஏன் காணாமல் போகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். கறுப்பு அட்டையில் கடும் நீலமும் அப்படியே. சிவப்பும் நடுத்தரக் கடும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக இறங்கும். தம்பியின் மழை வரைபை இப்படிப் பார்த்தபோது எனக்கும் இரண்டு கோடுகளும் பிரியவில்லை. தம்பி காண்பது இதுவே என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவனுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், அவனுடைய உலகம் சாம்பல் அல்ல. ஆனால் சாம்பலில் வாசிக்கக்கூடிய அட்டையைப் பெரும்பாலும் அவனாலும் வாசிக்க முடியும், கண் மங்கிய பெரியவர்களாலும் முடியும். சாம்பலில் மறைகிற அட்டையில், ஒரு கோட்டைத் துண்டு துண்டாகப் போட்டு, கோட்டின் மேலேயே ஊரின் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மூத்தும்மா தாரில் போட்ட முடிச்சும் அதுதான்.

பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது பெற்றோருக்கு ஒன்று. தம்பியின் நிலை பிறப்பிலேயே வந்தது, இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை. அப்படியல்லாமல் நடுவயதில் ஒருவருக்கு நிறங்கள் மங்கத் தொடங்கினால், அல்லது ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது மற்றக் கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால், அது வடிகட்டி போடும் விடயம் அல்ல, வைத்தியரிடம் போகும் விடயம். கண்ணில் வெண்புரை வளரும்போது நீலம் மங்கும். விழித்திரை நரம்பின் நோய்களில் சிவப்பு மங்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் எதம்பியூட்டோல் என்ற மருந்தும் சிலருக்கு நிறப்பார்வையைப் பாதிக்கும். அதனால்தான் அந்த மருந்து எடுப்பவர்களிடம் பார்வையைப் பற்றிக் கேட்கிறார்கள். வடிகட்டியைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தால் இந்த அறிகுறிகள் மறைந்து நாள் கடந்துவிடும்.

தம்பிக்கு ரேடியோக்களையும் சார்ஜர்களையும் கழற்றிப் பார்ப்பதில் பெரும் விருப்பம். திரைக்கு வெளியே இருக்கும் நிறத்துக்கு வடிகட்டி உதவாது என்று முதலில் நினைத்தோம். பாதி உதவுகிறது. வடிகட்டியை இயக்கிவிட்டுக் கமெராவைத் திறந்தால் கமெராவில் தெரியும் உலகமும் வடிகட்டப்பட்டே தெரியும். சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் சார்ஜர் விளக்கை அவன் அப்படித்தான் பார்க்கிறான். விளக்கு மிகவும் பிரகாசமாக இருந்தால் கமெராவில் நடுவில் வெள்ளைப் புள்ளிதான் தெரியும். அப்போது கொஞ்சம் தள்ளிப் பிடித்து, விளக்கைச் சுற்றிப் படரும் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் மின்தடையிகளில் அது அவ்வளவு உதவவில்லை. அவற்றின் பெறுமானத்தை மெல்லிய நிறக் கோடுகளால் குறிக்கிறார்கள். மண்ணிறம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, பச்சை 5. அவனுக்குக் கஷ்டமான நிறங்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கமெராவே நிறத்தைப் பிழையாக எடுக்கிறது, பிழையாக எடுத்த நிறத்தை வடிகட்டி சரியாக்க முடியாது. சிவப்பென்று நினைத்தது மண்ணிறமாக இருந்தால் 2 இன் இடத்தில் 1 வந்துவிடும்.

வாப்பா கல்முனை பஸாரிலிருந்து அவனுக்கு ஒரு மல்டிமீற்றர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது அவன் ஒவ்வொரு மின்தடையியையும் கழற்றி அளந்து, பெறுமானத்தைச் சின்னக் காகிதத் துண்டில் எழுதி, அதன் காலில் ஒட்டி வைக்கிறான். நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன, உம்மாவின் பிஸ்கட் டின் ஒன்று அதற்கென்றே போய்விட்டது.